ஸ்போர்ட்ஸ் அனிமேல ரைவல் ஏன் ஹீரோ அளவுக்கு முக்கியம்: ஒய்காவாவை வச்சு ஒரு விளக்கம்

ஸ்போர்ட்ஸ் அனிமே இப்பதான் பாக்க ஆரம்பிச்சவங்க நிறைய பேர் கேக்குற கேள்வி ஒன்னு இருக்கு. ஹீரோ டீம்தான் கடைசில ஜெயிக்கப் போகுது, அது தெரிஞ்சும் ஒரு மேட்ச்சை ஆறு ஏழு எபிசோடுக்கு இழுத்தா எப்படி உக்காந்து பாக்குறீங்கன்னு. நியாயமான கேள்விதான். மேட்ச்னா முடிவு ரெண்டே ரெண்டு, ஜெயிப்பாங்க இல்ல தோப்பாங்க, அதுல பெரிய சஸ்பென்ஸ் வைக்க முடியாது. அப்புறம் எது நம்மள இழுத்துப் பிடிக்குதுன்னு பார்த்தா, என்னைப் பொறுத்தவரை அதுக்கு முக்கால்வாசி பதில் நெட்டுக்கு அந்தப் பக்கம் நிக்கிற ஆள்தான். அவன் எதுக்காக விளையாடுறான், தோத்தா அவனுக்கு என்ன போகும், இது நமக்குத் தெரிஞ்சிருந்தா ஹீரோ எடுக்குற ஒவ்வொரு பாயிண்ட்டும் இன்னொருத்தன் கிட்ட இருந்து பிடுங்குற பாயிண்ட்டா தெரிய ஆரம்பிச்சிடும், அப்ப ரிசல்ட் தெரிஞ்சிருந்தாலும் பாக்க முடியும், ரெண்டாவது தடவை பாக்கும்போது இன்னும் அதிகமாவே வலிக்கும்.

இதைப் பொதுவா பேசிட்டே போனா பிடிபடாது. அதனால ஒரே ஒரு ஆளை எடுத்துக்குறேன், ஹைக்யூல வர்ற ஒய்காவா தோரு. ஹைக்யூ ஃபுருதாதே ஹருஇச்சி 2012ல இருந்து 2020 வரைக்கும் வீக்லி ஷோனென் ஜம்ப்ல வரைஞ்ச வாலிபால் மாங்கா, 402 சாப்டர், 45 வால்யூம். அனிமே 2014ல ஆரம்பிச்சுது, புரொடக்ஷன் ஐ.ஜி பண்ணாங்க. இன்னும் பாக்காதவங்களுக்கு முன்னாடியே சொல்லிடுறேன், முதல் ரெண்டு சீசன் கதையும் மாங்காவோட கடைசிப் பகுதியும் கீழ வரும்.

முதல்ல ரைவல்னா யாருன்னு தெளிவு பண்ணிக்கலாம். எதிர்ல விளையாடுற எல்லாரும் ரைவல் கிடையாது. ஒரு மேட்ச்சுக்கு வந்துட்டுப் போற டீம் எதிராளி, அவ்வளவுதான். வில்லன்னா அவன் தப்பு பண்றவன், அவனைத் தோக்கடிச்சா நமக்கு நிம்மதி. ரைவல் இந்த ரெண்டுமே இல்ல. ஹீரோ ஆசைப்படுற அதே விஷயத்துக்கு அவனும் ஆசைப்படுறான், அதுக்கு அவன் கிட்டயும் நியாயமான காரணம் இருக்கு, ஹீரோவை விட ஒரு படி மேலயோ பக்கத்துலயோ நிக்கிறான், அதோட கதைல திரும்பத் திரும்ப வர்றான். இந்தத் திரும்பத் திரும்ப வர்றது ரொம்ப முக்கியம், ஏன்னு போகப் போகத் தெரியும்.

வாலிபால் தெரியாதவங்களுக்கு ஒரே ஒரு விஷயம் மட்டும் சொல்லிட்டு கதைக்குப் போறேன். ஒரு டீம் பந்தை மூணு தடவைதான் தொடலாம். வழக்கமா முதல் தொடுகை எதிராளி அடிச்ச பந்தை எடுக்குறது, மூணாவது தொடுகை ஸ்பைக்கர் ஓங்கி அடிக்கிறது, நடுவுல அந்த ரெண்டாவது தொடுகை செட்டரோடது. யாருக்கு பந்து கொடுக்கணும், எவ்வளவு உயரத்துல, எவ்வளவு வேகத்துலன்னு முடிவு பண்றது செட்டர். ஆறு பேர்ல அதிகமா பந்தைத் தொடுறவனும் அவன்தான், ஆனா பாயிண்ட் எடுக்குறது பெரும்பாலும் வேற ஒருத்தன். அதனால செட்டர் எவ்வளவு திறமைசாலியா இருந்தாலும் அவன் கொடுக்குற டாஸை ஒருத்தன் நம்பி ஓடிவந்து அடிக்கலன்னா அவன் திறமைக்கு அர்த்தமே இல்லாமப் போயிடும்.

ஹைக்யூல ககெயாமா தோபியோவோட பிரச்சனை சரியா இதுதான். ஹினாட்டா, ககெயாமா ரெண்டு பேரும்தான் கதையோட மையம். ககெயாமா பிறவித் திறமைசாலி, கிதகாவா தைஇச்சிங்கிற மிடில் ஸ்கூல்ல படிக்கும்போது தன் வேகத்துக்கு எல்லாரும் வந்தே ஆகணும்னு டாஸ் போடுவான், வரலன்னா திட்டுவான். கடைசில ஒரு முக்கியமான மேட்ச்ல அவன் டாஸ் போடுறான், பந்து போகுது, அடிக்க அங்க ஒருத்தன்கூட இல்ல. டீம்மேட்ஸ் வேணும்னே வரல. கோச் அவனை பெஞ்ச்ல உக்கார வச்சிடுறாரு. கோர்ட்டின் ராஜான்னு அவனுக்கு இருந்த பட்டப்பேரே கிண்டலுக்கு வச்சதுதான்.

ஒய்காவா அதே ஸ்கூல்ல அவனுக்கு ரெண்டு வருஷ சீனியர், அவனும் செட்டர். ஹைஸ்கூல் கதை நடக்கும்போது ஒய்காவா ஆவோபா ஜோசாய் டீமோட கேப்டன், மூணாம் வருஷம். ககெயாமா கரசுனோங்கிற ஸ்கூல்ல முதல் வருஷம், ஸ்பைக்கர் ஹினாட்டாவும் அதே டீம்தான். இன்னொரு விஷயம் கவனிங்க, அன்னைக்கு ககெயாமா டாஸை அடிக்காம விட்ட கிந்தாய்ச்சியும் குனிமியும் இப்ப ஒய்காவா டீம்ல இருக்காங்க. ஃபுருதாதே இதைத் தற்செயலா வைக்கல. ககெயாமா யாரை வச்சு தோத்தானோ அதே ஆளுங்களை வச்சு இன்னொரு செட்டர் ஜெயிக்கிறதை அவன் கண்ணால பாக்கணும், அதுக்காகத்தான் இந்த அமைப்பு.

இதுக்கு ஒரு சின்ன சீன் இருக்கு, அதிகம் பேர் பேச மாட்டாங்க, எனக்கு மொத்த முதல் சீசன்லயே அதுதான் முக்கியமான இடம். இன்டர்ஹைங்கிற நேஷனல் அளவு ஸ்கூல் போட்டிக்கான ப்ரிலிமினரில கரசுனோவும் ஆவோபா ஜோசாயும் மோதும்போது, குனிமி ஒரு பாயிண்ட்டுக்கு அப்புறம் சிரிக்கிறான். அதைப் பார்த்து ககெயாமா அப்படியே நின்னுடுறான், ஏன்னா மூணு வருஷம் கூட விளையாடியும் குனிமி மேட்ச்ல சிரிச்சு அவன் பார்த்ததே இல்ல. குனிமி பாக்க சோம்பேறி மாதிரி இருப்பான், தேவை இல்லாத பந்துக்கு ஓட மாட்டான், ககெயாமா அதுக்கு அவனை எவ்வளவோ திட்டியிருக்கான். ஆனா ஒய்காவா அதை வேற மாதிரி பாக்குறான். ஓடாம இருக்குறவன்கிட்ட கடைசி நேரத்துல தெம்பு மிச்சம் இருக்கும்ல, எல்லாரும் களைச்சுப் போன நேரத்துல குனிமிக்கு பந்து கொடுப்போம்னு அவன் கணக்கு. மூணாவது செட் நெருக்கடில குனிமிதான் தெளிவா விளையாடுறான்.

இப்ப யோசிச்சுப் பாருங்க. ககெயாமாவோட குறை என்னன்னு நமக்குப் புரிய வைக்க எத்தனை வழி இருக்கு. ஒரு கோச் வந்து நீ டீம்மேட்ஸை நம்பணும்ப்பான்னு பத்து நிமிஷம் அட்வைஸ் பண்ணலாம், பல கதைகள்ல அதைத்தான் பண்ணுவாங்க, நமக்குத் தூக்கம் வரும். இங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லல. ஒருத்தன் சிரிச்சதைக் காட்டினாங்க, அதுல மொத்தமும் வந்துடுச்சு. ஹீரோகிட்ட இல்லாதது என்னன்னு ஹீரோவுக்குள்ள மட்டும் பார்த்தா காட்ட முடியாது, இல்லாத ஒன்னை எப்படிப் படம் பிடிக்கிறது? அது யார்கிட்ட இருக்கோ அவனை எதிர்ல நிறுத்தணும். ரைவலோட முதல் வேலை இதுதான்.

ஆனா ஒய்காவா இந்த வேலையோட நின்னிருந்தா அவன் ஒரு பாடப் புத்தகம் மாதிரி ஆகியிருப்பான், ககெயாமா கத்துக்க வேண்டியதை வச்சிருக்குற ஆள், அவ்வளவுதான். அவனை உயிருள்ள ஆளா ஆக்குறது அவனோட மிடில் ஸ்கூல் ஃப்ளாஷ்பேக்.

ஒய்காவா மிடில் ஸ்கூல் மூணாம் வருஷம் படிக்கும்போது அவனுக்கு மேல ஒருத்தன் இருந்தான், ஷிராதோரிசாவாவோட உஷிஜிமா வகதோஷி. எத்தனை தடவை மோதினாலும் அவன்கிட்ட தோல்விதான். சரி அடுத்த தடவை பாத்துக்கலாம்னு இருந்தா கீழ இருந்து முதல் வருஷப் பையன் ஒருத்தன் வர்றான், ககெயாமா, அவனைப் பார்த்த உடனே ஒய்காவாவுக்குத் தெரிஞ்சிடுது இவன் சீக்கிரமே நம்மளைத் தாண்டிடுவான்னு. மேலயும் அடைப்பு, பின்னாடி இருந்தும் நெருக்குறாங்க. ராத்திரி வரைக்கும் பிராக்டிஸ் பண்ணிட்டு இருக்கும்போது ககெயாமா வந்து ஒன்னும் தெரியாம, எனக்கு சர்வ் சொல்லிக்கொடுங்கன்னு கேக்குறான். ஒய்காவா கை ஓங்கிடுறான். அடிச்சிருப்பான், ஃப்ரெண்டு இவாய்சூமி குறுக்க வந்து கையைப் பிடிக்கலன்னா. அப்புறம் இவாய்சூமி அவனை ஒரு முட்டு முட்டி, வாலிபால்ல கோர்ட்ல ஆறு பேர் நிக்கிறாங்கடா, உஷிஜிமாவை நீ தனியா ஜெயிக்கணும்னு யாரு சொன்னாங்கன்னு கத்துறான்.

இந்த ஒரு சீன் என்ன பண்ணுதுன்னா, ஒய்காவாவும் ஒரு காலத்துல ககெயாமா நின்ன அதே இடத்துல நின்னவன்னு காட்டுது. எல்லாத்தையும் நான் ஒருத்தனே தூக்கிடணும்ங்கிற அதே பைத்தியம் அவனுக்கும் இருந்துச்சு. வித்தியாசம் ஒன்னே ஒன்னு, அவனுக்கு சரியான நேரத்துல முட்டுறதுக்கு ஒரு இவாய்சூமி இருந்தான், ககெயாமாவுக்கு அப்ப யாரும் இல்ல, ஹினாட்டா வர்ற வரைக்கும். அதோட இன்னொரு பக்கமும் திறக்குது. ககெயாமாவோட கண்ல இருந்து பார்த்தா ஒய்காவா எட்ட முடியாத சீனியர். ஒய்காவாவோட கண்ல இருந்து பார்த்தா ககெயாமாதான் பயமுறுத்துற ஆள், தன் வருஷக்கணக்கான உழைப்பை ஒரு நாள் சாதாரணமா தாண்டிப் போகப் போற பையன். யோசிச்சா இந்தக் கதைல ஒய்காவாவை ஹீரோவா வச்சு எழுதியிருந்தா ககெயாமாதான் ரைவலா இருந்திருப்பான், எழுதவும் முடிஞ்சிருக்கும், அந்த சீரிஸும் நல்லாவே இருந்திருக்கும். நல்ல ரைவலுக்கு நான் வைக்கிற அளவுகோல் இதுதான், கதையை அவன் பக்கம் திருப்பி வச்சா நிக்குதா விழுதான்னு.

இப்ப அந்த இன்டர்ஹை மேட்ச்சுக்கு வருவோம். மாவட்ட அளவுல இந்தப் போட்டிகள் மூணு செட்தான், மூணாவது செட்டும் 25 பாயிண்ட், ரெண்டு பாயிண்ட் வித்தியாசம் வர்ற வரைக்கும் போயிட்டே இருக்கும். ஆளுக்கு ஒரு செட் எடுத்து மூணாவது 33-31 வரைக்கும் போகுது. நடுவுல ஹினாட்டாவும் ககெயாமாவும் பயன்படுத்துற ரகசியக் குறியை ஒய்காவா கண்டுபிடிச்சிடுறான், ஹினாட்டா கத்துற கூப்பாடு ரெண்டு விதம், ஒன்னு வேக டாஸுக்கு, இன்னொன்னு சாதா டாஸுக்கு. ஆனா உண்மையான அடி அது இல்ல. கடைசி பாயிண்ட்ல, எல்லாரும் மூச்சு வாங்கிட்டு நிக்கிறப்ப, ககெயாமா எதை நம்புவான்னு ஒய்காவாவுக்குத் தெரியும். இருக்குறதுலயே பெரிய ஆயுதம் ஹினாட்டாவோட வேக அட்டாக், நெருக்கடில கை தானா அங்கதான் போகும். ஹினாட்டா எம்பும்போது முன்னாடி மூணு ப்ளாக்கர் சுவரா நிக்கிறாங்க. பந்து கரசுனோ பக்கமே விழுந்துடுது. தோத்துட்டாங்க.

ஹீரோ டீம் முதல் சீசன் கடைசில தோக்குது. அதுவும் எப்படி? கெட்ட நேரத்தாலயோ அம்பயர் தப்பாலயோ இல்ல. எதிர்ல இருக்குறவன் இவங்களை இவங்களை விட நல்லாப் படிச்சிருக்கான். அடுத்து கோச் உக்காய் பசங்களை சாப்பிடக் கூட்டிட்டுப் போறாரு, எல்லாரும் அழுதுகிட்டே சோத்தை அள்ளி வாய்ல போட்டுக்குறாங்க, பேச்சே கிடையாது. தோல்விக்கு இவ்வளவு இடம் கொடுக்குற சீரிஸ் ரொம்பக் கம்மி.

ரைவலோட ரெண்டாவது வேலை இங்கதான் ஆரம்பிக்குது, கதையை அவன்தான் நகர்த்துறான். ரெண்டாவது சீசன் முழுக்க கரசுனோ பண்ற ஒவ்வொரு விஷயத்துக்கும் வேர் அந்த ஒரு ப்ளாக்லதான் இருக்கு. அதுவரைக்கும் ஹினாட்டா கண்ணை மூடிட்டு முழு பலத்தோட கையை வீசுவான், அவன் கைக்கு நேரா பந்தைக் கொண்டுபோய் வைக்கிறது ககெயாமா வேலை. அதைப் படிச்சிட்டாங்கன்னா ஒன்னும் பண்ண முடியாதுன்னு ஹினாட்டாவுக்குப் புரிஞ்சு போச்சு, இனிமே நான் கண்ணைத் திறந்து நானே முடிவு பண்ணி அடிக்கணும்ங்கிறான். ககெயாமா ஒத்துக்கல, நல்லா வேலை செய்யுறதை எதுக்கு மாத்தணும்னு ரெண்டு பேருக்கும் அடிதடியே நடக்குது. மத்தவங்களும் ஆளுக்கு ஒன்னு கத்துக்கப் போறாங்க, யமகுச்சி ஜம்ப் ஃப்ளோட் சர்வ் கத்துக்கிறான், டோக்கியோ கேம்ப்ல தினம் தோத்துட்டே பழகுறாங்க.

அந்த சண்டைக்கு அப்புறம் ககெயாமா யார்கிட்ட போய் யோசனை கேக்குறான்னு நினைக்கிறீங்க? ஒய்காவாகிட்டயேதான். ஒய்காவா அக்கா பையன் தகேருவைக் கூட்டிட்டு சின்னப் பசங்க வாலிபால் கிளாஸுக்கு வந்திருக்கான், அங்க போய் தலையைக் குனிஞ்சு கேக்குறான், ஒய்காவா அதை போட்டோ வேற எடுத்து வச்சுக்கிறான், அவ்வளவு கெத்து. ஆனா கேள்வியைக் கேட்டதும் பதில் சொல்லாம இருக்க முடியல. நீ அந்தச் சின்னப் பையன் கேக்குற டாஸுக்கு நூறு சதவீதம் ஈடு கொடுக்குறியா, கொடுக்க முயற்சியாவது பண்றியா, எதை அடிக்கணும்னு முடிவு பண்றது அவன்டா, அது புரியலன்னா நீ பழைய சர்வாதிகாரி ராஜாவாவே திரும்பிட்டன்னு அர்த்தம்னு சொல்லிட்டுப் போயிடுறான். அந்தப் பேச்சுக்கு அப்புறம்தான் ககெயாமா புது டாஸ் பழக ஆரம்பிக்கிறான், பந்து ஹினாட்டாவைத் தாண்டிப் போகாம அவன் அடிக்கிற இடத்துல வேகம் செத்து ஒரு நொடி நின்னு கீழ விழுற மாதிரி. ஹினாட்டாவுக்குப் பார்த்து யோசிச்சு அடிக்க நேரம் கிடைக்குது.

இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமா பாக்கணும். தன்னைத் தோக்கடிக்கப் போற பையனுக்கு, எப்படித் தோக்கடிக்கிறதுன்னு ஒய்காவாவே சொல்லிக்கொடுக்குறான். ககெயாமா மேல அவனுக்குப் பாசம்லாம் பெருசா இல்ல, பிடிக்கவே பிடிக்காது. ஆனா ஒரு செட்டர் தப்பான செட்டரா இருக்குறதைப் பாக்க அவனால முடியல. இதே வார்த்தையைக் கோச் சொல்லியிருந்தா ககெயாமா தலையாட்டிட்டுப் போயிருப்பான். குனிமியைச் சிரிக்க வச்சவன் சொன்னதாலதான் உள்ள இறங்குது.

அடுத்து அதே வருஷம் ஸ்பிரிங் டோர்னமெண்ட்டுக்கான மியாகி ப்ரிலிமினரி, செமிஃபைனல், மறுபடியும் இதே ரெண்டு டீம். ரெண்டாவது சீசனோட கடைசிப் பகுதி. இங்க நமக்கு ஒரு விசித்திரமான நிலைமை வருது, யார் ஜெயிக்கணும்னே தெரியல. கரசுனோ தோக்கக் கூடாது, மூணாம் வருஷப் பசங்களுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு. ஆனா ஒய்காவாவும் மூணாம் வருஷம்தானே. அவனுக்கும் இதுதான் கடைசி, ஒரு தடவைகூட உஷிஜிமாவை ஜெயிச்சு நேஷனல்ஸ் போகாம ஸ்கூல் முடிக்கப் போறான், இதுல ஜெயிச்சா ஃபைனல்ல அதே உஷிஜிமா காத்துட்டு இருக்கான். ரெண்டு பக்கமும் ஒரே தராசுல ஒரே எடை.

மேட்ச்சோட கடைசில ஒரு பந்து கோர்ட்டுக்கு வெளிய தாறுமாறா போகுது. ஒய்காவா அதைத் துரத்தி ஓடி, வெளியில இருந்து எம்பி, அங்க இருந்து கோர்ட்டோட மறுபக்கம் நிக்கிற இவாய்சூமிக்கு நேரா ஒரு நீள டாஸ் போட்டுட்டு நாற்காலிகள் மேல போய் விழுறான். எம்புறதுக்கு முன்னாடி இவாய்சூமியைக் கையைக் காட்டி சொல்லிட்டுதான் போடுறான். அந்த நேரத்துல அவன் மனசுல ஓடுறது, திறமைன்னா பூக்க வைக்கிறது, உள்ளுணர்வுன்னா தீட்டிக்கிறது, அப்படிங்கிற எண்ணம். சின்ன வயசுல இருந்து கூடவே விளையாடின இவாய்சூமி, அந்த டாஸ் எங்க வரும்னு தெரிஞ்சு ஓடி வந்து அடிக்கிறான். வேற எந்த சீரிஸா இருந்தாலும் அது ஹீரோவோட பாயிண்ட், ஜெயிச்சாச்சு, மியூசிக் போட்டிருப்பாங்க. இங்க அதைக் கரசுனோ எப்படியோ தூக்கிடுறாங்க. பந்து உயிரோட இருக்கு. ஒய்காவா எழுந்து ஓடி வந்து கோர்ட்டுக்குள்ள நின்னுடுறான், கடைசியா ஹினாட்டாவுக்குத்தான் பந்து போகும்னு இப்பவும் அவனுக்குத் தெரியும். ஹினாட்டா கண்ணைத் திறந்து வச்சு அடிக்கிறான். ஒய்காவா கைல பட்டு பந்து வெளிய தெறிக்குது.

முதல் மேட்ச்ல அவன் ககெயாமாவைப் படிச்சதால ஜெயிச்சான். ரெண்டாவது மேட்ச்லயும் சரியாத்தான் படிச்சான், ஆனா படிச்சும் பத்தல, ஏன்னா நடுவுல அந்த ரெண்டு பேரும் மாறிட்டாங்க, அதுவும் அவன் சொன்ன வழியில. திரும்பத் திரும்ப வர்றது முக்கியம்னு மேல சொன்னது இதுக்காகத்தான். ஹீரோ எவ்வளவு வளந்திருக்கான்னு தெரியணும்னா அதே ஆளோட மறுபடி மோதணும், புதுசா ஒரு பலசாலியைக் கொண்டு வந்து அடிச்சுக் காட்டினா அதுல ஒப்பிட ஒன்னும் இருக்காது.

மேட்ச் முடிஞ்சதும் கேமரா கரசுனோவோட மட்டும் கொண்டாடிட்டுப் போகல. ஒய்காவா பசங்க திரும்பத் தங்களோட ஜிம்முக்கு வந்து, மூணாம் வருஷக்காரங்க கடைசியா ஒரு தடவை சும்மா விளையாடுறாங்க, ஒய்காவா மூணு வருஷத்துக்கு நன்றின்னு சொல்லும்போது எல்லாரும் உடைஞ்சு போறாங்க. உஷிஜிமா எதிர்ல வந்து நீ ஷிராதோரிசாவாவுக்கு வந்திருக்கணும்ங்கிறான், தேவை இல்லாத கர்வத்தால வேற ஸ்கூலைத் தேர்ந்தெடுத்துட்டன்னு. அந்தக் கர்வத்தை மறந்துடாதன்னு ஒய்காவா திருப்பிக் கொடுக்குறான். தோத்த நாள்ல அப்படிப் பேச ஒரு நெஞ்சு வேணும்.

இந்த வழக்கம் ஹைக்யூ கண்டுபிடிச்சது இல்ல, ரொம்பப் பழசு. 1968ல ஆரம்பிச்ச அஷிதா நோ ஜோ குத்துச்சண்டை மாங்காவை எடுத்துக்கோங்க, ஹீரோ யாபுகி ஜோ, ரைவல் ரிகிஇஷி தோரு. வரைஞ்ச சிபா தெத்சுயா முதல்லயே ரிகிஇஷியை ஜோவை விட ரொம்ப உயரமா வரைஞ்சுட்டாரு, அந்த உடம்புக்கு ரெண்டு பேரும் ஒரே எடைப் பிரிவுல மோதவே முடியாது. அந்தச் சிக்கலையே கதையா மாத்திட்டாங்க, ஜோவோட மோதணும்ங்கிற ஒரே காரணத்துக்காக ரிகிஇஷி பட்டினி கிடந்து, தண்ணி குடிக்காம உடம்பை வத்த வச்சு அவன் எடைக்கு இறங்கி வர்றான். மேட்ச்ல ஜெயிக்கவும் செய்றான், ஜெயிச்ச உடனே செத்துப் போயிடுறான். அதுக்காக 1970 மார்ச் 24ல பதிப்பகமான கோதான்ஷா கட்டடத்துல நிஜமாவே இறுதிச் சடங்கு நடந்துச்சு, கவிஞரும் நாடகக்காரருமான தெரயாமா ஷூஜி முன்ன நின்னு நடத்தினாரு, சுமார் 700 பேர் வந்தாங்க. கற்பனை ஆளுக்கு, அதுவும் ஹீரோவுக்கு இல்ல, ரைவலுக்கு. அதுக்கப்புறம் ஜோவால எதிராளி முகத்துல குத்தவே முடியல, கை நின்னுடும், வாந்தி வரும். செத்த பிறகும் ரிகிஇஷிதான் கதையைப் பிடிச்சு இழுத்துட்டுப் போறான்.

எல்லா சீரிஸும் இதைச் சரியாப் பண்றது இல்ல. எங்க சொதப்புதுன்னு கண்டுபிடிக்க ரெண்டு மூணு அடையாளம் இருக்கு. ரைவல் தனியா இருக்குற சீன் ஒன்னாவது இருக்கான்னு பாருங்க, ஹீரோவைப் பத்திப் பேசாம, ஹீரோவை நினைக்காம. இல்லன்னா அவன் ஹீரோவுக்கு முன்னாடி வச்ச செங்கல் சுவர், அவ்வளவுதான். தோத்த அடுத்த நிமிஷமே ஹீரோவைப் பாராட்டிட்டு சிரிச்சுக்கிட்டே போயிட்டான்னா, இல்ல அடுத்த ஆர்க்ல ஹீரோவுக்குக் கைதட்டுற கூட்டத்துல ஒருத்தனா வந்து உக்காந்துட்டான்னா அவனுக்கு அந்த மேட்ச்ல இழக்க ஒன்னுமே இருந்திருக்கல. இன்னொன்னு, ஒவ்வொரு புது எதிராளியும் போன எதிராளியை விட பத்து மடங்கு பலசாலின்னு சொல்லிட்டே போறது. அப்படிப் போனா பழைய ரைவல் செல்லாக்காசு ஆயிடுவான், கூடவே அவனை ஜெயிச்ச ஹீரோவோட பழைய மேட்ச்சும் செல்லாக்காசு ஆயிடும்.

ஹைக்யூ சின்ன டீமுக்கும் இந்த மரியாதையைக் கொடுத்துச்சு. முதல் சீசன்ல தோகோனாமின்னு ஒரு சாதா டீம் முதல் ரவுண்டுலயே கரசுனோகிட்ட தோத்து வெளிய போகும். அவங்ககிட்ட ஸ்டார் யாரும் இல்ல, ஒரு ஸ்பெஷல் மூவ்கூட இல்ல. ஆனா கரசுனோ கேப்டன் தைச்சியோட பழைய ஃப்ரெண்டு இகேஜிரி அந்த டீம்ல இருக்கான், அவன் தைச்சி கையைப் பிடிச்சு அழுதுகிட்டே நீங்க ஜெயிங்கடா, நிறைய ஜெயிங்கன்னு சொல்லுவான், நாங்களும்தானே வாலிபால் விளையாடினோம்னு அவனுக்குள்ள ஓடும். ஒரே எபிசோட், அதுக்கப்புறம் ஒவ்வொரு ரவுண்டுக்கும் பின்னாடி வீட்டுக்குப் போன டீம்கள் இருக்குன்னு நமக்கு மறக்கவே மறக்காது. ஒய்காவா தோக்கும்போது அப்படி வலிக்கிறதுக்கு அடித்தளம் அங்கயே போட்டாச்சு.

ரைவல் எதிர் டீம்லதான் இருக்கணும்னும் இல்ல. ஸ்லாம் டங்க்ல சகுராகியும் ருகாவாவும் ஒரே ஜெர்சி, ஹைக்யூலயே ஹினாட்டாவும் ககெயாமாவும் முதல் எபிசோட்ல எதிரெதிரா நின்னவங்க. இதோட கணக்கு வேற, ஒருத்தன் ஜெயிச்சா இன்னொருத்தனும் ஜெயிக்கணும், அதே நேரம் அவனை விட நான் மேலன்னும் காட்டணும், அதனால ஒவ்வொரு பாஸும் ஒரு பேச்சுவார்த்தை மாதிரி நடக்கும். அதுக்குத் தனியா ஒரு கட்டுரையே எழுதலாம்.

ஒய்காவாவோட கதை செமிஃபைனல்லயே முடிஞ்சுதுன்னுதான் அனிமே மட்டும் பாத்தவங்க நினைப்பாங்க, மாங்கால அப்படி இல்ல. ஸ்கூல் முடிச்சதும் அவன் தனியா அர்ஜென்டினா போயிடுறான், சின்ன வயசுல அவன் வியந்து பார்த்த அர்ஜென்டினா செட்டர் ஹோசே பிளாங்கோவைப் பின்பற்றி. ஹினாட்டா பீச் வாலிபால் பழக பிரேசில் போறப்ப ரியோல ரெண்டு பேரும் எதேச்சையா சந்திக்கிறாங்க, சேர்ந்தே மணல்ல விளையாடுறாங்க. கடைசி சாப்டர்ல ஒலிம்பிக்ஸ், ஜப்பான் அணில ஹினாட்டா, ககெயாமா, உஷிஜிமா எல்லாரும் இருக்காங்க, எதிர்ல அர்ஜென்டினா, அந்த ஜெர்சில ஒய்காவா, குடியுரிமையையே மாத்திட்டு வந்து நிக்கிறான். ஒரே கோர்ட்ல உஷிஜிமாவையும் ககெயாமாவையும் சேத்துத் தோக்கடிக்கணும்னா ஜப்பானுக்கு எதிர்ப்பக்கம்தான் போகணும், அவன் போயிட்டான். ஃபுருதாதே எட்டு வருஷம் எழுதின கதையோட கடைசி மேட்ச்சுக்கு எதிராளியாத் தேர்ந்தெடுத்தது நேஷனல்ஸுக்கே போகாத ஒரு செட்டரை.